சத்து மாத்திரையும் மஞ்சள் சிறுநீரும் தீராத அசதியும்

மூன்று நாள் கீழாநெல்லி அரைத்துக் குடித்து, எண்ணெயும் காரமும் விலக்கிப் பத்தியம் இருந்துவிட்டு வந்திருந்தார் அந்தப் பெண். வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

"காமாலைங்க டாக்டரம்மா. பத்தியம் இருந்தப்ப போயிருச்சுங்க. இப்ப மறுக்கா வந்திருச்சு. ஒண்ணுக்குப் போனா மஞ்சப்பொடி கரைச்ச மாதிரிப் போகுதுங்க."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பச் சொல்லிக் கண்ணைப் பார்த்தேன். விழியின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. கீழிமையை மெல்ல இழுத்தேன். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய உட்புறம் வெளுத்துக் கிடந்தது. உள்ளங்கை ரேகைகளிலும் சிவப்பு இல்லை. பையில் என்ன மாத்திரை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதும், பாதி காலியான ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். பி காம்ப்ளெக்ஸ். இரண்டு மாதமாகத் தினமும் ஒன்று. கடைவாய் ஓரம் வெடித்துப் புண்ணாக இருக்கிறது, உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னபோது கொடுத்தது.

"பத்தியத்துல இருந்தப்ப இதையும் போட்டீங்களா?"

"இல்லீங்க. நாட்டு மருந்து சாப்பிடறப்ப இங்கிலீஷ் மாத்திரை கூடாதுன்னு சொன்னாங்க. நிறுத்திட்டனுங்க. அப்புறம் மறுபடி ஆரம்பிச்சேன்."

காமாலை வந்ததும் போனதும் திரும்பியதும் இதற்குள்ளேயே இருந்தது. மாத்திரையை நிறுத்திய மறுநாளே மஞ்சள் போனது. மீண்டும் போட்ட அன்றே திரும்பியது. கீழாநெல்லிக்கு இதில் பங்கே இல்லை. அவர் பயந்து வந்த மஞ்சள் நிறத்துக்கு எந்த வைத்தியமும் தேவைப்படவில்லை. அவர் ஒரு வார்த்தையில் சொல்லிக் கடந்த அசதிக்குத்தான் தேவைப்பட்டது.

முதலில் அந்த நிறத்தைப் பார்த்துவிடுவோம். பி காம்ப்ளெக்ஸ் என்பது எட்டு வைட்டமின்களின் கூட்டம். அவற்றில் சிறுநீரைப் பளிச்சென்று மஞ்சளாக்குவது பி2 ஒன்றுதான். ரைபோஃபிளேவின் என்று அட்டையில் எழுதியிருக்கும். அந்தப் பெயரின் பின்பாதியே மஞ்சள் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதை வீட்டிலேயே நாம் பார்த்திருக்கிறோம். பால் திரிந்தால் கட்டியிலிருந்து பிரிந்து நிற்கும் நீர் லேசான பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். அந்த நிறத்தைத் தருவது பாலில் உள்ள பி2தான்.

ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம் பி2. நம் கடைகளில் கிடைக்கும் பல பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளில் 10 மில்லிகிராம் இருக்கிறது. பாலிலிருந்து மட்டுமே அவ்வளவு பெற வேண்டுமானால் ஏறக்குறைய ஆறு லிட்டர் குடிக்க வேண்டும். அதை ஒரே வாயில் விழுங்குகிறோம். பி2 தண்ணீரில் கரையும் வகை. கொழுப்பில் கரையும் வைட்டமின்களைப் போல உடம்பு இதைப் பெரிய அளவில் சேர்த்து வைப்பதில்லை. குடல் உறிஞ்சி ரத்தத்தில் விட்டதும் திசுக்கள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்தைச் சிறுநீரகம் சில மணி நேரத்திலேயே வெளியேற்றத் தொடங்கிவிடுகிறது. காலையில் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை போட்டால் மதியத்துக்குள் நிறம் தெரிவதும், இரவுக்குள் மங்கிவிடுவதும் அதனால்தான். இதனால் சிறுநீரகத்துக்கோ கல்லீரலுக்கோ கெடுதல் இல்லை.

இந்த நிறம் சாதாரண மஞ்சள் அல்ல, ஒளிரும் மஞ்சள். புற ஊதா விளக்கின் கீழ் பி2 பச்சையும் மஞ்சளுமாக ஒளிவிடும். நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று அறிய வேண்டிய மருந்து ஆய்வுகளில், மாத்திரையோடு கொஞ்சம் பி2 கலந்து கொடுத்து, சிறுநீரை அந்த விளக்கில் காட்டிப் பார்க்கும் முறைகூட உண்டு. அதாவது அந்த மஞ்சள் சொல்வது, மாத்திரை கரைந்தது, குடல் உறிஞ்சியது, மிச்சம் வெளியே வந்தது என்பதை மட்டும்தான். மாத்திரை 'வேலை செய்கிறது' என்பதற்கு அது சான்றாகாது. அதேபோல, நிறம் வரவில்லை என்பதால் மாத்திரை போலி என்றும் எண்ண வேண்டாம். நரம்புக்கென்று கொடுக்கும் சில மாத்திரைகளில் பி1, பி6, பி12 மட்டும் இருக்கும், பி2 இருக்காது. அவற்றால் நிறம் மாறாது.

காமாலை அப்படியில்லை. கல்லீரலோ பித்தப்பையோ கெட்டு வரும் காமாலையில் சிறுநீர் கருமஞ்சளாக, கட்டன் சாயா நிறத்தில் போகும். காலையில் கொஞ்சம், மாலையில் இல்லை என்றிருக்காது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான் இருக்கும், நாளுக்கு நாள் கூடும். நுரையும் மஞ்சளாக இருக்கும். சோற்றைப் பார்த்தாலே குமட்டும். கண்ணின் வெள்ளை மஞ்சளாகும். சிலருக்கு மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிக்கும். சந்தேகம் வந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்: பி காம்ப்ளெக்ஸை ஒரு நாள் நிறுத்துங்கள், தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். மறுநாளும் நிறம் அடர்ந்தே இருந்தால் பத்தியத்தில் உட்காராமல் டாக்டரிடம் போங்கள். கண்ணிலேயே மஞ்சள் தெரிந்தால் அந்த ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

மாத்திரையே போடாதவருக்கும் சிறுநீர் இளமஞ்சளாகத்தானே இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்று சிலர் கேட்பார்கள். அது ரத்தத்திலிருந்து வருவது. சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் வாழ்ந்து சிதையும்போது அதன் நிறப்பொருள் பிலிருபினாக மாறுகிறது. குடலில் வாழும் நுண்ணுயிரிகள் அதை மேலும் மாற்ற, கடைசியில் யூரோபிலின் என்ற மஞ்சள் பொருளாகிச் சிறுநீரில் கலக்கிறது. குடலில் இந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்கும் நொதி எது என்பதை அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பங்கேற்ற ஆய்வுக் குழு 2024இல்தான் கண்டறிந்து வெளியிட்டது. நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த ஒரு நிறத்துக்கு அவ்வளவு காலம் கழித்து விடை கிடைத்தது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இனி அசதிக்கு வருவோம். "எப்பவிருந்து அசதி?" என்றேன். யோசித்துச் சொன்னார்: போன தீபாவளி சீசனிலிருந்து. அப்போது ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தார். அதனால் என்று நினைத்தார். சீசன் முடிந்து ஒரு ஷிஃப்ட்டுக்குத் திரும்பியும் அசதி குறையவில்லை. முதல் மாடிக்கு ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறது. படுத்தால் நெஞ்சு படபடப்பது காதில் கேட்கிறது. தலைமுடி கொத்தாக வருகிறது. நான் கேட்ட அடுத்த கேள்விக்கு அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார்: "பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ் மாதிரி எதையாவது வாயில் போட்டு மெல்லணும்னு தோணுதா?"

"அரிசிதானுங்க. டிபன் பாக்ஸோட ஒரு பொட்டலம் எடுத்துட்டே போவேன்."

இந்த ஒரு பதில் பல நேரம் பாதி நோயைச் சொல்லிவிடும். இரும்புச் சத்து குறைந்தவர்களில் பலருக்கு அரிசி, மண், சாம்பல், ஐஸ் கட்டி என்று உணவல்லாததன் மேல் அடக்க முடியாத ஆசை வருகிறது. வீட்டில் இதைக் கெட்ட பழக்கம் என்று திட்டுவார்கள். அது நோயின் அறிகுறி. கடைவாய்ப் புண்ணும் பி2 குறைவால் மட்டுமே வருவதல்ல, இரும்புக் குறைவாலும் வரும். பி காம்ப்ளெக்ஸ் இரண்டு மாதம் போட்டும் அவருக்கு அந்தப் புண் ஆறவில்லை. அதற்குக் காரணம் அந்த மாத்திரையில் இரும்பு இல்லை என்பதே. பெயரைக் கேட்டு 'எல்லாச் சத்தும் இருக்கும்' என்று நினைத்துவிடுகிறோம். அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளில் இரும்பு இருக்காது.

மாதவிலக்கைப் பற்றிக் கேட்டேன். "எல்லாருக்கும் போறதுதானுங்க" என்றார். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா என்று பிரித்துக் கேட்ட பிறகுதான் விவரம் வந்தது. எட்டு நாள். முதல் மூன்று நாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள். இது எல்லாருக்கும் போகும் அளவு அல்ல.

அன்று நான் எழுதிக் கொடுத்த பரிசோதனைகள் சிலவே: முழு ரத்த எண்ணிக்கை எனப்படும் சி.பி.சி., ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., வெறும் வயிற்றுச் சர்க்கரை, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின். எண்பது சோதனைகள் அடங்கிய 'பேக்கேஜ்' எடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். அதில் பலருக்கு ஃபெரிட்டின் இருக்காது. எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று எண்ணிச் செலவழிப்பதைவிட, பேச்சிலும் கண் இமையிலும் கிடைத்த துப்பைப் பின்தொடர்ந்து நான்கைந்து சோதனை செய்வது நல்லது.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் 8.4. கருவுறாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை, ஆணுக்கு 13, கர்ப்பிணிக்கு 11. ஆனால் அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும். ஏன் என்பது தெரியாது. அதற்கு இரண்டு வரி கீழே எம்.சி.வி. என்று இருப்பதைப் பார்க்க வேண்டும். அது சிவப்பணுவின் சராசரி அளவு. 80க்கும் 100க்கும் இடையில் இருக்க வேண்டும். இரும்பு போதாவிட்டால் உடம்பு சின்னச் சின்ன அணுக்களாகச் செய்யும். எண் 80க்குக் கீழே போகும். பி12 அல்லது ஃபோலிக் அமிலம் போதாவிட்டால் அணுக்கள் பெருத்துவிடும்; எண் 100க்கு மேலே போகும். இவருக்கு 68.

சின்ன அணுக்கள் என்றதும் இரும்புக் குறைவு என்று முடிவு கட்டிவிட முடியாது. தலாசீமியா என்ற பரம்பரைக் கோளாறு லேசாக உள்ளவர்களுக்கும் அணுக்கள் சிறுத்தே இருக்கும். அவர்களில் பலருக்கு இரும்பு போதுமான அளவு இருக்கும், மாத்திரை கொடுத்தும் பயனிராது. பிரித்தறிய ஃபெரிட்டின் உதவும். இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம் அது. வீட்டு அரிசிப் பானையில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதுபோல, உடம்பின் இரும்புச் சேமிப்பில் எவ்வளவு மிச்சம் என்று அது காட்டும். 15க்குக் கீழே என்றால் சேமிப்பு தீர்ந்துவிட்டது. 30க்குக் கீழே போனாலே அசதி உள்ளவர்களுக்கு நாங்கள் சந்தேகப்படுவோம். காய்ச்சலோ, கிருமித் தொற்றோ, உடம்பில் எங்காவது அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இவருக்கு 5. தைராய்டும் சர்க்கரையும் கிரியாட்டினினும் சரியாக இருந்தன.

எப்படி இவ்வளவு தீர்ந்துபோனது என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நல்ல ரத்தம் ஒரு மில்லிலிட்டர் போனால் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு போகும். மாதவிலக்கில் 30 முதல் 40 மில்லிலிட்டர் போவது வழக்கம். 80க்கு மேல் போனால் அதிகம். இவருக்கு மாதம் நூறு போகிறது என்றே வைத்துக்கொள்வோம். 50 மில்லிகிராம் இரும்பு, அதாவது நாளொன்றுக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல். தோலும் குடலும் உதிர்வதில் தினமும் இன்னொரு மில்லிகிராம் போகும். சோறும் பருப்பும் கீரையுமாகச் சாப்பிடுகிற ஒருவரின் குடல் அதிலிருந்து உறிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம். தினமும் அரை மில்லிகிராமுக்கு மேல் துண்டு விழுகிறது. ஒரு மாதத்தில் தெரியாது. இரண்டு மூன்று வருடத்தில் பானை காலி. முருங்கைக்கீரை சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் இந்தத் துண்டு அடைபடாது என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இரண்டு பேரில் ஒருவருக்கு இருக்கும் நோயை 'வேலை அசதி' என்று ஒதுக்கும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

'சத்து மாத்திரைதானே, போட்டுப் பார்ப்போம். கேட்காவிட்டால் டெஸ்ட் எடுப்போம்' என்பது பலரின் வழி. கெடுதல் செய்யாத மாத்திரைதானே என்ற எண்ணம். இங்கேதான் நான் மறுக்கிறேன். சில நேரங்களில் அந்த மாத்திரை பிறகு எடுக்கும் ரத்தப் பரிசோதனையைக் கலக்கிவிடும்.

பி12 குறைவை எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் தவிர வேறு உணவில் பி12 கிட்டத்தட்டக் கிடையாது. எனவே மரக்கறி உணவுக்காரர்கள், பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், வருடக்கணக்கில் தினமும் அல்சர் மாத்திரை போடுகிறவர்கள், வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், முதியவர்கள் ஆகியோருக்கு அது குறைய வாய்ப்பு அதிகம். அசதியோடு பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல மதமதப்பு, இருட்டில் நடந்தால் தள்ளாட்டம், மறதி வரும். இவர்கள் பி காம்ப்ளெக்ஸை விழுங்கும்போது அதில் இருக்கும் ஃபோலிக் அமிலம் ரத்தசோகையைச் சரிசெய்துவிடக்கூடும். ஹீமோகுளோபின் ஏறும், பெருத்த அணுக்கள் சாதாரணமாகும். ஆனால் நரம்பு தொடர்ந்து கெட்டுக்கொண்டே போகும். 1940களில் ஃபோலிக் அமிலம் புதிதாகக் கிடைத்தபோது, பி12 உறிஞ்ச முடியாத நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் தேறியது, நரம்புகள் மோசமாயின. மருத்துவம் அந்தப் பாடத்தை அப்போதே கற்றுவிட்டது. மாத்திரையில் இருக்கும் கொஞ்ச பி12 ரத்தத்தில் அளவை ஏற்றிக் காட்டி, 'பி12 சரியாக இருக்கிறது' என்று ரிப்போர்ட்டைச் சொல்ல வைப்பதும் உண்டு. என் நோயாளிக்கு நான் பி12 பார்க்காததற்குக் காரணம் இதுவே. இரண்டு மாதம் மாத்திரை போட்ட பிறகு அந்த எண்ணை நம்ப முடியாது. அவர் முட்டையும் கறியும் சாப்பிடுகிறவர், மதமதப்பு இல்லை என்பதால் அதைத் தள்ளிவைக்க முடிந்தது.

இன்னொன்று பயோட்டின். பி7 என்றும் சொல்வார்கள். முடி கொட்டுவதற்கென்று விற்கும் மாத்திரைகளில் 10 மில்லிகிராம் வரைகூட இருக்கும்; உடம்புக்குத் தினமும் வேண்டியது அதில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. பல ஆய்வகங்களின் ஹார்மோன் சோதனை முறையே பயோட்டின் ஒட்டிக்கொள்ளும் தன்மையைப் பயன்படுத்துவது. ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் கருவி ஏமாந்து, டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனைக் கூட்டியும் காட்டிவிடும். தைராய்டு மந்தமாக இருப்பவருக்கு எல்லாம் சரி என்றோ, சரியாக இருப்பவருக்குத் தைராய்டு அதிகம் என்றோ ரிப்போர்ட் வரும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையும் இப்படித் தவறலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. சாதாரண பி காம்ப்ளெக்ஸில் பயோட்டின் மிகக் குறைவுதான். முடி மாத்திரை போடுகிறவர்கள் தைராய்டு சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். ரத்தம் எடுக்கிறவரிடமும் சொல்லிவிட வேண்டும். அசதியும் முடி கொட்டுவதும் தைராய்டின் முதல் அறிகுறிகள் என்பதால் இந்தக் குழப்பம் நேர்வது அரிதல்ல.

அப்படியானால் எந்த அசதிக்கு ரத்தம் பார்க்க வேண்டும்? இரவு வேலையோ, காய்ச்சலோ, துக்கமோ, சரியான தூக்கமின்மையோ காரணமாகத் தெரிந்து, ஓய்வெடுத்ததும் தேறும் அசதிக்கு வேண்டாம். காரணம் தெரியாமல், தூங்கி எழுந்தும் போகாமல், மூன்று வாரத்துக்கு மேல் நீடிப்பது எதுவானாலும் பார்க்க வேண்டும். மூன்று வாரம்கூடக் காத்திருக்கக் கூடாத அசதிகளும் உண்டு. சில படி ஏறினாலே மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, மயக்கம். காரணமில்லாமல் எடை குறைவது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும், இவை காசநோயைப் பார்க்கச் சொல்லும். அடிக்கடி தாகமும் சிறுநீரும், இவை சர்க்கரையைப் பார்க்கச் சொல்லும். ரத்தம் எல்லாம் சரியாக இருந்தும் அசதி தீராதவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இரவில் குறட்டைக்கு நடுவே மூச்சு அடைபட்டு விழிப்பவர்கள். சிலர் மனச்சோர்வில் இருப்பவர்கள். அது ரத்தத்தில் தெரியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால், இரும்பு மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அவர்களுக்கு இரும்பு வெளியேறும் வழி பெரும்பாலும் வயிறோ குடலோதான். புண்ணோ, மூலமோ, சில நேரம் புற்றுநோயோ சொட்டுச் சொட்டாக ரத்தத்தைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். எண்டோஸ்கோப்பி தேவைப்படலாம். மாத்திரையால் ஹீமோகுளோபின் ஏறிவிட்டால் அந்தக் கசிவு இன்னும் ஒரு வருடம் மறைந்துகொள்ளும்.

என் நோயாளிக்கு ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரை எழுதினேன், தினமும் ஒன்று. 200 மில்லிகிராம் என்று அட்டையில் இருந்தாலும் அதில் இரும்பின் எடை சுமார் 60தான். டீ, காபிக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொன்னேன். அவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது. எலுமிச்சைச் சாறோடு போடலாம். வயிற்றைப் புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம். தினமும் போடுவதைவிட அப்படி இடைவெளி விட்டால் குடல் ஒவ்வொரு முறையும் கூடுதலாக உறிஞ்சுகிறது என்பது இப்போது தெரிந்த சேதி. பி காம்ப்ளெக்ஸை நிறுத்தச் சொன்னேன். அடிவயிற்று ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி தெரிந்தது. மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்தப்போக்கைக் குறைக்க அவர் மருந்து தொடங்கினார்.

நான்கு நாள் கழித்து முகம் வெளிறி மறுபடி வந்தார். மலம் கறுப்பாகப் போகிறது. "இதுவும் மாத்திரை நெறந்தானுங்களா டாக்டரம்மா?"

ஆம், அதுவும் மாத்திரையின் நிறம்தான். உறிஞ்சப்படாத இரும்பு மலத்தைக் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ ஆக்கும். கெட்டியாக, வழக்கம்போல் இருந்தால் பயமில்லை. தார் போலப் பளபளத்து, ஒட்டும் தன்மையோடு, பொறுக்க முடியாத நாற்றத்தோடு போனாலோ, இரும்பு மாத்திரையே போடாதவருக்குக் கறுத்துப் போனாலோ, அது வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அடையாளம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை அவருக்கு இரண்டு முறை சொல்லி, அவர் வாயால் ஒருமுறை திரும்பச் சொல்லவும் வைத்தேன்.

ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 10.1. இந்த வேகத்தில் ஏறாவிட்டால் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை, அல்லது ரத்தம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது நோயே வேறு என்று மறுபடி தேட வேண்டியிருக்கும். மூன்றாம் மாதம் 12.3. இந்த இடத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். எண் சரியாகிவிட்டதே என்று. அன்று அவருடைய ஃபெரிட்டின் 14தான். ரத்தம் நிரம்பியிருந்தது, பானை இன்னும் நிரம்பவில்லை. மேலும் மூன்று மாதம் தொடரச் சொன்னேன். கடைவாய்ப் புண் ஆறிவிட்டது. அரிசிப் பொட்டலம் மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே தேவைப்படவில்லையாம்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவர் தனியாக வரவில்லை. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகளையும் கூட்டி வந்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் படுத்துக்கொள்கிறாள், இவளும் அரிசி மெல்லுகிறாள் என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கீழிமையை இழுத்துப் பார்த்தேன்.

"மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லீங்க. மொதல்ல ரத்தம் பாத்துக்கலாம்னு கூட்டியாந்தேன்."